லுவோகு தளத்தில் `WA`, `TLE`, `RE`: தீர்ப்புக் குறிகளை எப்படிப் படிப்பது

நிரல் எழுதிப் பழகுவோரிடையே அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “எனக்கு `TLE` தான் வந்தது, விடை சரி, வேகம் மட்டும்தான் போதவில்லை.” இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஆறுதலோடு சொல்கிறார். ஆனால் நிரல் நேர வரம்பைத் தாண்டியது என்று மட்டுமே சொல்லும் அந்தக் குறி, விடையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. `TLE` வாங்கிய நிரலின் விடையை, நாம் அனுப்பும் நிரலை இயக்கிச் சோதிக்கும் தீர்ப்பு எந்திரம் பார்க்கவே இல்லை. பார்க்காத விடையைச் சரி என்றோ தவறு என்றோ அது எப்படிச் சொல்லும்? இதைப் போலவே விடை தவறு என்னும் `WA` வந்தால் வழிமுறையே தவறு என்றும், நிரல் நடுவே முறிந்தது என்னும் `RE` வராவிட்டால் வரிசையின் எல்லையை மீறவில்லை என்றும் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். குறிகள் சொல்வதைவிட அதிகமாக அவற்றிலிருந்து படித்துவிடுவதுதான் இந்தக் குழப்பங்கள் அனைத்திற்கும் வேர்.

இக்கட்டுரை, சீனாவின் லுவோகு என்னும் நிரலாக்கப் பயிற்சித் தளத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒரே ஒரு கணக்கின் வழியாக இக்குறிகளை விளக்க முயல்கிறது. 2013-இல் தொடங்கிய இத்தளத்தை, சீனக் கணினிச் சங்கம் நடத்தும் `NOIP` போன்ற போட்டிகளுக்குத் தயாராகும் பள்ளி மாணவர்கள் பெருமளவில் பயன்படுத்துகின்றனர். கணக்குகள் சீன மொழியில் இருந்தாலும், தீர்ப்புக் குறிகள் உலகெங்கும் வழங்கும் அதே ஆங்கிலச் சுருக்கங்கள்தான். ஆகவே இங்கே கற்பதில் பெரும்பகுதி வேறு தளங்களிலும் உதவும். மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

## அடுப்படிக்குள் எட்டிப் பார்க்காத தேர்வாளர்

ஒரு சமையல்காரரைத் தேர்வு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேர்வாளர் அடுப்படிக்குள் போகமாட்டார். சுவரில் உள்ள சிறு சாளரம் வழியாக அரிசி, பருப்பு, புளி என்று ஒரு தட்டை உள்ளே தள்ளுவார். கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். வெளியே வரும் பதார்த்தத்தை, முன்பே செய்து வைத்திருக்கும் மாதிரியோடு ஒப்பிடுவார். அவருக்குத் தெரிந்தது இவ்வளவே. சமையல்காரர் புளியைக் கரைத்தாரா, பொடி போட்டாரா என்பது அவருக்குத் தெரியாது.

இப்படி ஒரு தேர்வில் என்னென்ன நேரலாம்? செய்முறைத் தாளே படிக்க முடியாதபடி கிறுக்கலாக இருந்தால் அடுப்பே பற்றவைக்கப்படாது. உள்ளே ஏதோ வெடித்துப் புகை வந்தால் தேர்வு அந்த இடத்திலேயே நின்றுவிடும். குறித்த நேரம் கடந்தும் தட்டு வரவில்லையெனில் தேர்வாளர் சாளரத்தைச் சாத்திவிடுவார். அதற்குப் பின் உள்ளே அமிர்தமே தயாரானாலும் அவர் சுவைக்கப் போவதில்லை. தட்டு நேரத்துக்குள் வந்து, மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் மட்டுமே “சுவை தவறு” என்று எழுதுவார்.

## எந்திரத்தில் உண்மையில் நடப்பது

லுவோகுவின் தீர்ப்பு எந்திரமும் இதே வரிசையில்தான் இயங்குகிறது. நீங்கள் அனுப்பிய நிரலை முதலில் கம்பைலரிடம் கொடுக்கிறது. கம்பைலர் என்பது நாம் எழுதிய நிரலை, எந்திரம் இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள். மாற்ற முடியாவிட்டால் `CE` என்னும் குறி விழுகிறது. இது `Compile Error` என்பதன் சுருக்கம். அதன்பின் எதுவும் இயக்கப்படுவதில்லை.

சீனத் தளம் என்பதால் இங்கே ஒரு வேடிக்கையான காரணத்தையும் சொல்லிவிடலாம். சீன மொழியில் தட்டச்சும் நிலையிலேயே அரைப்புள்ளியை அடித்தால், `;` என்பதற்குப் பதிலாக அகன்ற வடிவமுள்ள `；` விழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிய, கம்பைலர் மட்டும் `stray '\357' in program` என்பது போன்ற ஒரு புரியாத செய்தியைக் கொடுக்கும். சீனத் தளங்களிலிருந்து நிரலை வெட்டி ஒட்டும் நமக்கும் இது நேரலாம்.

கம்பைலரைத் தாண்டினால், சோதனைத் தரவுகள் ஒவ்வொன்றாக வரும். சோதனைத் தரவு என்பது ஓர் உள்ளீடும் அதற்குரிய சரியான வெளியீடும் சேர்ந்த இணை. ஒவ்வொரு தரவுக்கும் உங்கள் நிரல் புதிதாக இயக்கப்படுகிறது. அது எடுக்கும் நேரமும் நினைவகமும் அளக்கப்படுகின்றன. இயக்கத்தின் நடுவே நிரல் முறிந்து விழுந்தால் `RE`, அதாவது `Runtime Error`. நேர வரம்பைத் தாண்டினால் `TLE`, அதாவது `Time Limit Exceeded`. நினைவக வரம்பைத் தாண்டினால் `MLE`. இவற்றில் எதிலும் சிக்காமல் நிரல் தானாக முடிந்தால்தான் அதன் வெளியீடு சரியான வெளியீட்டோடு ஒப்பிடப்படுகிறது. ஒத்துப்போனால் `AC`, இல்லாவிட்டால் `WA`, அதாவது `Wrong Answer`.

லுவோகுவில் ஒவ்வொரு சோதனைத் தரவுக்கும் ஒரு சதுரக் கட்டம் காட்டப்படும். `AC` பச்சை, `WA` சிவப்பு, `RE` ஊதா, `TLE` கருநீலம். கட்டத்துக்குள் எடுத்த நேரமும் நினைவகமும் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், குறி என்பது நிரலின் குறை எது என்பதற்கான பெயர் அன்று. அந்த ஒரு தரவில், அந்த ஓர் இயக்கத்தில், எந்திரம் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதற்கான பெயர்.

## ஒரு கணக்கு: `P1115`

லுவோகுவில் `P1115` என்ற எண்ணுள்ள கணக்கு, தொடக்கநிலையினர் அனைவரும் ஒரு நாள் வந்து சேரும் இடம். ஒரு வரிசையில் n எண்கள் தரப்படும். அடுத்தடுத்து உள்ள, வெறுமையல்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்துண்டின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதே கேள்வி. கணக்கில் தரப்பட்ட மாதிரி இது:

```
7
2 -4 3 -1 2 -4 3
```

இதற்கு விடை 4. மூன்றாம் எண் முதல் ஐந்தாம் எண் வரை, அதாவது 3, -1, 2 ஆகியவற்றைக் கூட்டினால் அது கிடைக்கும்.

கணக்கின் அடியில் ஒரு குறிப்பு உண்டு. தரவுகளில் 40 விழுக்காட்டில் n 2,000-க்கு மேல் போகாது. எல்லாத் தரவுகளிலும் n 2,00,000 வரை போகலாம். ஒவ்வோர் எண்ணும் -10,000 முதல் 10,000 வரை இருக்கலாம். புதியவர்கள் இந்த வரியைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். என் கருத்தில் கணக்கின் பாதி இந்த வரியில்தான் இருக்கிறது. வரப்போகும் குறிகள் எல்லாம் இங்கிருந்தே பிறக்கின்றன.

ஒருவர் இப்படி எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```cpp
#include <iostream>
using namespace std;
int a[2005];
int main() {
    int n, best = 0;
    cin >> n;
    for (int i = 0; i < n; i++) cin >> a[i];
    for (int i = 0; i < n; i++) {
        int s = 0;
        for (int j = i; j < n; j++) {
            s += a[j];
            if (s > best) best = s;
        }
    }
    cout << best << endl;
}
```

துண்டு தொடங்கும் இடம் `i`, முடியும் இடம் `j`. எல்லாத் துண்டுகளையும் கூட்டிப் பார்த்து, பெரியதை `best`-இல் வைத்துக்கொள்கிறது. மாதிரி உள்ளீட்டுக்கு 4 என்று சரியாகவே விடை தருகிறது. ஆனால் இதில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று குறைகள் ஒளிந்திருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு நிறத்தில் வெளிவரும். அதிலும் ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டு நிற்கும்.

## ஊதா: நிரல் நடுவிலே முறிந்தது

பெரிய தரவுகளில் n 2,00,000 ஆக இருக்கும்போது, 2,005 இடங்கள் மட்டுமே உள்ள `a` என்னும் வரிசையில் இரண்டு இலட்சம் எண்களை எழுத முயல்கிறோம். இரண்டாயிரத்தைத் தாண்டியதும் நிரல் தனக்கு ஒதுக்கப்படாத நினைவகத்தில் எழுதத் தொடங்கும். இயங்குதளம் அதைக் கண்டதும் நிரலைக் கொன்றுவிடும். கட்டத்தில் `RE` விழும். அதனுடன் `Received signal 11` என்று தொடங்கும் செய்தியைக் காணலாம். 11 என்ற அடையாளம், தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதைக் குறிக்கிறது. அதே இடத்தில் 8 என்றிருந்தால், முழு எண்ணைச் சுழியால் வகுத்தது போன்ற எண்கணிதப் பிழை. இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே `RE`-களில் பெரும்பாலானவற்றின் காரணத்தை நெருங்கிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எல்லையை மீறினால் எப்போதும் `RE` தான் வரும் என்று நம்பிவிடக் கூடாது. இயங்குதளம் நினைவகத்தைச் சிறு சிறு பக்கங்களாகத்தான் காவல் காக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் தனிக் காவலாள் இல்லை. நாம் ஓரிரு இடங்கள் மட்டும் தாண்டி எழுதினால், அது நமக்கே சொந்தமான வேறொரு மாறியின் இடமாக இருக்கலாம். வீட்டு மதிலைத் தாண்டினால்தான் காவலர் பிடிப்பார். வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குள் சென்று எதையாவது கலைத்தால் யாருக்கும் தெரியாது. கலைந்தது விடையைத் தாங்கும் மாறி என்றால் `WA` வரும். சுழற்சியை எண்ணும் மாறி என்றால் சுழற்சி முடியாமல் போய் `TLE` வரும். பயன்படாத இடம் என்றால் `AC` கூட வரலாம். ஒரே குறை, நான்கு நிறங்கள். ஆகவே காரணம் புரியாத `WA` வந்தால், வரிசைகளின் அளவைக் கணக்கின் வரம்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

நம் நிரலில் `a[2005]` என்பதை `a[200005]` என்று மாற்றுகிறோம். ஊதா மறைந்துவிடும். ஆனால் பச்சை வராது.

## கருநீலம்: சாளரம் சாத்தப்பட்டது

ஊதாவாக இருந்த கட்டங்கள் இப்போது `TLE` ஆகின்றன. புதியவர் இதைப் பார்த்து, “வரிசையைப் பெரிதாக்கியதால் வேகம் குறைந்துவிட்டது” என்று நினைக்க இடமுண்டு. அப்படியில்லை. முன்பு உள்ளீட்டைப் படிக்கும்போதே நிரல் இறந்துபோனதால், மெதுவான பகுதிக்கு அது வந்து சேரவே இல்லை. முதல் குறை விலகியதும் இரண்டாவது வெளியே தெரிகிறது.

மெதுவான பகுதியின் வேலையை எண்ணிப் பார்ப்போம். n எண்கள் இருந்தால், தொடக்கமும் முடிவும் சேர்ந்த துண்டுகள் ஏறத்தாழ n-இன் வர்க்கத்தில் பாதி. n 2,000 எனில் ஏறக்குறைய 20 இலட்சம் துண்டுகள். n 2,00,000 எனில் ஏறக்குறைய 2,000 கோடி. உள்ளீடு 100 மடங்குதான் பெருகியது. வேலை 10,000 மடங்கு பெருகிவிட்டது. இத்தகைய எளிய கூட்டல்களை `C++` நிரல் ஒரு நொடியில் சில பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை செய்யும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 20 இலட்சம் என்பது கண்ணிமைக்கும் நேரம். 2,000 கோடிக்கோ நல்ல எந்திரத்திலும் 20 நொடிக்குக் குறையாது. நேர வரம்பு 1 நொடி.

இந்த இடத்தில் இன்னொரு பரவலான தவறான வாசிப்பு உண்டு. `TLE` கட்டத்துக்குள் ஒரு நொடியைச் சற்றே தாண்டிய எண், எடுத்துக்காட்டாக `1.20s`, காட்டப்படும். அதைப் பார்ப்பவர், “0.2 நொடிதானே கூடுதல், அங்குமிங்கும் சற்றுச் செதுக்கினால் போதும்” என்று எண்ணி, மாறிகளின் பெயரைச் சுருக்குவது போன்ற பயனற்ற வேலைகளில் இறங்குகிறார். அந்த எண் நிரலுக்குத் தேவைப்பட்ட நேரம் அன்று; எந்திரம் நிரலைக் கொன்ற நேரம். 20 நொடி தேவைப்படும் நிரலுக்கும், என்றுமே முடியாத சுழற்சியில் மாட்டிக்கொண்ட நிரலுக்கும் அங்கே ஏறத்தாழ அதே எண்தான் இருக்கும். சாளரம் சாத்தப்பட்ட நேரத்தை வைத்துச் சமையல் எப்போது முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா?

லுவோகுவில் நிரலை அனுப்பும்போது `O2` என்ற தெரிவு இருக்கும். கம்பைலரை இன்னும் முயன்று வேகமான வடிவத்தை உருவாக்கச் சொல்லும் சுவிட்ச் அது. அதனால் சில மடங்கு வேகம் கிடைக்கலாம். ஆனால் 2,000 கோடி வேலையை ஒரு நொடிக்குள் அடக்க அது போதாது. `O2`-வைப் போட்டுப் பார்த்துவிட்டு நிரலைக் குறை சொல்வதற்கு முன், வேலையின் அளவைத் தாளில் பெருக்கிப் பார்ப்பது விரைவான வழி.

தீர்வு, வேலையையே மாற்றுவது. ஒவ்வோர் எண்ணிலும் நின்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறோம்: இந்த எண்ணோடு முடியும் துண்டுகளில் மிகப் பெரியது எது? முந்தைய எண்ணோடு முடிந்த சிறந்த துண்டை நீட்டலாம், அல்லது இங்கிருந்து புதிதாகத் தொடங்கலாம். இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

```cpp
int x, cur = 0, best = 0;
for (int i = 0; i < n; i++) {
    cin >> x;
    cur = max(x, cur + x);
    best = max(best, cur);
}
```

மாதிரி உள்ளீட்டில் `cur` எடுக்கும் மதிப்புகள் முறையே 2, -2, 3, 2, 4, 0, 3. இவற்றில் பெரியது 4. மூன்றாவது இடத்தில் பாருங்கள்: நீட்டினால் -2 உடன் 3 சேர்ந்து 1 தான் கிடைக்கும், புதிதாகத் தொடங்கினால் 3 கிடைக்கும், ஆகவே புதிதாகத் தொடங்குகிறோம். இப்போது இரண்டு இலட்சம் எண்களுக்கு இரண்டு இலட்சம் படிகள் மட்டுமே. நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை.

இதுவரை நடந்ததைத் திரும்பிப் பார்ப்போம். வரிசையின் அளவுக் குறை `RE`-ஆக வந்தது. அதை நீக்கியதும், அதன் பின்னால் மறைந்திருந்த வேகக் குறை `TLE`-ஆக வந்தது. இப்போது வேகமும் சரியாகிவிட்டது. மூன்றாவது குறை இன்னும் அங்கேயே இருக்கிறது.

## சிவப்பு: ஒப்பிட்டுப் பார்த்த பின் வரும் ஒரே பிழைக் குறி

எல்லா எண்களும் எதிர்ம எண்களாக உள்ள தரவு ஒன்று வந்தால் என்ன ஆகும்? எடுத்துக்காட்டாக -5, -3, -8. வெறுமையல்லாத துண்டு வேண்டும் என்பதால் சரியான விடை -3. நம் நிரலோ `best`-ஐ 0 என்று தொடங்கிவைத்திருப்பதால் 0 என்று அச்சிடும். எந்தத் துண்டும் தராத ஒரு விடை அது.

இப்போதுதான், முதன்முறையாக, எந்திரம் விடையை ஒப்பிட்டுப் பார்த்துத் தவறு என்கிறது. லுவோகு `WA`-வுடன் ஒரு சிறு செய்தியையும் தருவதுண்டு:

```
On line 1 column 1, read 0, expected -
```

முதல் வரியில் முதல் எழுத்தாக உங்கள் நிரல் 0 எழுதியது, அங்கே கழித்தல் குறி இருந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஒப்பீடு எழுத்தெழுத்தாக நடப்பதால், வேறுபட்ட முதல் எழுத்தைத்தான் இது காட்டும். முழு எண்ணைக் காட்டாது. ஆயினும் எதிர்பார்த்த எழுத்து கழித்தல் குறி என்று தெரிந்ததுமே விடை எதிர்ம எண் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. அங்கிருந்து `best = 0` என்ற வரிக்கு வந்து சேர அதிக நேரமாகாது. இதே இடத்தில் `Too short` என்று தொடங்கும் செய்தி வந்தால், தவறான எண் அன்று, அச்சிட வேண்டியது குறைந்திருக்கிறது என்று பொருள். சிவப்புக் கட்டத்தைக் கண்டதும் நிரலை முழுவதும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குபவர்கள் இந்த ஒரு வரியைப் படிப்பதில்லை. நம் கணக்கில் வழிமுறை முற்றிலும் சரி. தொடக்க மதிப்பு ஒன்றுதான் தவறு. `best`-ஐ -10,001 என்று தொடங்கினால் கணக்கு முடிந்துவிடும்.

இன்னொரு `WA` காரணம் இந்தக் கணக்கில் மயிரிழையில் தப்புகிறது. கூட்டுத்தொகை அதிகபட்சம் 2,00,000 முறை 10,000, அதாவது 200 கோடி. `C++`-இன் `int` வகை 2147483647 வரை, அதாவது 214 கோடிக்குச் சற்று மேல் வரை தாங்கும். எண்கள் ஒவ்வொன்றும் 20,000 வரை போகலாம் என்று கணக்கில் இருந்திருந்தால், `int` நிரம்பி வழிந்து, மிகப் பெரிய நேர்ம எண் திடீரென்று எதிர்ம எண்ணாக மாறித் தோன்றும். எந்திரத்துக்கு அது முறிவாகத் தெரியாது, `RE` வராது, சிவப்புதான் வரும். இந்தத் துன்பத்தில் பலர் வீழ்ந்ததால் சீன மாணவர்களிடையே ஒரு கிண்டல் பழமொழியே உண்டு: பத்தாண்டு ஒலிம்பியாட் உழைப்பும் வெறுங்கனவு, `long long` போடாவிட்டால் மூதாதையர் முகம் காண்பாய். சீனத்தில் அது எதுகையோடு ஒலிக்கும்.

## மதிப்பெண் 40 எப்படி வந்தது?

நம் மெதுவான நிரலின் வரிசையை மட்டும் திருத்தி அனுப்பியபோது, n 2,000-க்குள் உள்ள தரவுகள், அவற்றில் எல்லாமே எதிர்ம எண்களாக உள்ள தரவு இல்லாதவரை, பச்சையாகவும், பெரியவை கருநீலமாகவும் இருந்திருக்கும். மேலே மொத்தத் தீர்ப்பாக `Unaccepted` என்றும், அருகே மதிப்பெண்ணும் இருக்கும். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். சீனப் பள்ளிப் போட்டிகளில் ஒவ்வொரு சோதனைத் தரவுக்கும் தனி மதிப்பெண் உண்டு. 100-க்கு 40 வாங்குவதற்கும் மதிப்பு உண்டு. “தரவுகளில் 40 விழுக்காட்டில் n 2,000-க்குள்” என்ற குறிப்பு அதற்காகத்தான் வைக்கப்படுகிறது. மெதுவான வழி மட்டுமே தெரிந்தவரும் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க அது ஒரு வாய்ப்பு.

பீக்கிங் பல்கலைக்கழகத்தின் `POJ` போன்ற பழைய தளங்கள் பல்கலைக்கழகப் போட்டி முறையைப் பின்பற்றுபவை. அங்கே நிரலுக்கு மொத்தமாக ஒரே குறிதான். ஒரு தரவில் தவறினாலும் `Wrong Answer`. எத்தனை சரி, எத்தனை தவறு என்பது தெரியாது. அங்கே `Presentation Error` என்ற மற்றொரு குறியும் உண்டு: விடை சரி, இடைவெளியோ வரி முறிவோ மட்டும் பிறழ்ந்துள்ளது என்று பொருள். லுவோகு வரியின் கடைசி இடைவெளிகளையும் கோப்பின் கடைசி வரி முறிவுகளையும் பொருட்படுத்தாததால் இந்தக் குறியின் தேவையே அங்கு இல்லை.

இரண்டு குறிகளைப் பற்றி ஓரிரு சொல் போதும். `MLE`, நினைவக வரம்பு மீறல். நம் கணக்கில் எல்லாத் துண்டுகளின் தொகையையும் ஒரு சதுர அட்டவணையில் சேமிக்க நினைத்தால், n 2,000-க்கு அது 16 மெகாபைட். n 2,00,000-க்கு 160 கிகாபைட். பெருக்கிப் பார்த்தால் முன்கூட்டியே தெரியக்கூடியது. `UKE` என்பது எந்திரத்தின் பக்கத்தில் ஏதோ கோளாறு என்பதைக் குறிக்கும். அது அரிதாக வருவது, பெரும்பாலும் மீண்டும் அனுப்பிப் பார்ப்பதே வழி.

## குறி காட்டாத இடத்தில் தேடுவது

`NOIP` போட்டி நடக்கும்போது மாணவர்களுக்கு எந்தக் குறியும் காட்டப்படுவதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே அங்குள்ளவர்கள், குறிக்காகக் காத்திராமல் தவறைத் தாமே கண்டுபிடிக்க ஒரு வழியைக் கைக்கொள்கிறார்கள். சீனத்தில் அதற்குத் துவெய்பாய் என்று பெயர். இரு நிரல்களை எதிரெதிரே வைத்து ஒப்பிடுவது. மெதுவான, ஆனால் எளிமையான நிரல் ஒன்று. வேகமான நிரல் ஒன்று. சிறு சிறு உள்ளீடுகளைத் தற்செயலாக உருவாக்கி இரண்டுக்கும் கொடுத்து, விடைகள் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பார்கள்.

நம் கணக்கில் 5 எண்கள், ஒவ்வொன்றும் -3 முதல் 3 வரை என்று உருவாக்கினால், ஐந்தும் எதிர்ம எண்ணாக அமைவது ஏறக்குறைய 70 முறைக்கு ஒருமுறை நேரும். சில நூறு முறை ஓட்டினால் `best = 0` என்ற குறை சிக்கிவிட வேண்டும். உள்ளீடு சிறியதாக இருப்பதால், சிக்கியதும் கையாலேயே கூட்டிச் சரிபார்க்கலாம்.

ஆனால் மேலே நாம் எழுதிய இரண்டு நிரல்களையும் எதிரெதிரே வைத்து ஓட்டினால், ஆயிரம் முறையானாலும் ஒரு வேறுபாடும் வராது. மெதுவான நிரலிலும் `best = 0` என்றே இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல 0 என்று தவறாக அச்சிட்டு, ஒன்றையொன்று மெச்சிக்கொள்ளும். தளத்தில் அனுப்பினால் அதே சிவப்பு. இரண்டையும் ஒருவரே, ஒரே நாளில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரிகளைப் பெயர்த்து எழுதும்போது இது எளிதில் நேர்வது. அதனால் மெதுவான நிரலைத் தனியாக எழுதி, `best`-ஐ `a[0]`-இலிருந்து தொடங்கி, n 1 ஆகவும் எண் -3 ஆகவும் உள்ள ஒரே ஒரு உள்ளீட்டைக் கையால் கொடுத்து -3 என்று வருகிறதா என்று பார்த்த பின்புதான் அதை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும்.